‘போதும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால்

சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக்காகக் காலிப்பின் கஜல் ஒன்றைத் தமிழாக்கி அனுப்பினேன். ஒன்பது ஈரடிகள். பத்து நாள் கழித்து ஆசிரியர் போனில் அழைத்தார். “சார், நல்லா வந்திருக்கு. ஆனா ஒவ்வொரு ரெண்டாவது வரியும் ஒரே வார்த்தையில முடியுதே, படிக்கிறவனுக்குச் சலிச்சுப் போகாதா? அங்கங்க கொஞ்சம் மாத்திப் போட்டுடலாமா?” போட்டுடலாம் என்றேன். நானே உட்கார்ந்து மாற்றியும் கொடுத்தேன். ஒன்பது ஈரடிகளுக்கு ஒன்பது விதமான முடிவு. அச்சில் வந்தபோது நாலு பேர் பாராட்டினார்கள். ஆசிரியரைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. கத்தியை நீட்டியது அவர், வெட்டியது நான்.

நான் வெட்டியது கஜலின் அலங்காரத்தை இல்லை, கஜலையே. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. இப்போது தமிழில் கஜல் என்ற பெயரில் வாசிக்கக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இப்படி வெட்டுப்பட்டவைதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் சண்டை போடத் தோன்றுகிறது.

முதலில் வடிவம், சுருக்கமாக. கஜலில் ஒவ்வொரு ஈரடியும் ஒரு ஷேர். ஒரு ஷேருக்கும் அடுத்த ஷேருக்கும் கதைத்தொடர்ச்சி தேவையில்லை. ஒன்றில் காதலி, அடுத்ததில் கடவுள், அதற்கடுத்ததில் கடன்காரன் வரலாம். ஆனால் எல்லா ஷேர்களின் இரண்டாம் அடியும் ஒரே சொல்லில், அல்லது ஒரே சொற்றொடரில் முடியும். அதுதான் ரதீஃப். ரதீஃபுக்குச் சற்று முன்னால் நிற்கிற சொல் ஷேருக்கு ஷேர் மாறும், ஆனால் ஒரே ஓசையில் மாறும். அது காஃபியா. முதல் ஷேரில் மட்டும் இரண்டு அடிகளும் ரதீஃபில் முடியும், அது மத்லா. கடைசி ஷேரில் கவிஞர் தன் புனைபெயரைச் சொல்லிக்கொள்வது வழக்கம், அது மக்தா. ரதீஃப் இல்லாமல் காஃபியாவோடு மட்டும் நிற்கும் கஜல்களும் உருதுவில் உண்டு. என் சண்டை அவற்றோடு இல்லை. கவிஞர் ரதீஃப் வைத்து எழுதியதை நாம் ரதீஃப் இல்லாமல் வாசிப்பதோடுதான்.

இந்த வெட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது? நம்மில் பெரும்பாலோர் உருதுக் கவிதையை இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறோம். 1971இல் அய்ஜாஸ் அஹ்மத் காலிப்பின் கஜல்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, குறிப்புகளும் எழுதி, ஏட்ரியன் ரிச், டபிள்யூ. எஸ். மெர்வின், வில்லியம் ஸ்டாஃபர்ட் போன்ற அமெரிக்கக் கவிஞர்களிடம் கொடுத்தார். அவர்கள் அதிலிருந்து தங்கள் கவிதைகளை எழுதினார்கள். நல்ல கவிதைகள், மறுக்கவில்லை. ஆனால் ரதீஃபைப் பொதுவாக அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். இங்கிலீஷில் வினை வாக்கியத்தின் நடுவே நிற்கிறது. ஒவ்வொரு வரியையும் ஒரே வினையில் கொண்டுபோய் நிறுத்த அந்த மொழியை முறுக்க வேண்டும். முறுக்காமல் விட்டார்கள். தொடர்பில்லாத ஈரடிகளின் வரிசைதான் கஜல் என்ற எண்ணம் அங்கே பரவியது. காஷ்மீரில் வளர்ந்த ஆகா ஷாஹித் அலிக்கு இது பொறுக்கவில்லை. 2000இல் அவர் தொகுத்த நூலின் துணைத்தலைப்பிலேயே இவை இங்கிலீஷின் உண்மையான கஜல்கள் என்று போட்டு, ரதீஃபும் காஃபியாவும் உள்ளவற்றைச் சேர்த்தார்.

அது அவர்கள் தகராறு. நமக்கு என்ன வந்தது? உருதுவில் வினை கடைசியில் நிற்கும், தமிழிலும் கடைசியில்தான் நிற்கும். உருதுக் கவிஞர் ‘இல்லை’ என்று முடித்தால் நாமும் ‘இல்லை’ என்று முடிக்கலாம். அவர் ‘என்ன’ என்று கேட்டு முடித்தால் நமக்கும் ‘என்ன’ இருக்கிறது. அவர்களுக்கு முடியாததால் விட்டதை, நம்மால் முடிந்தும் நாம் விட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்பதற்காக நாம் பாயசத்தில் வெல்லம் போடாத கதை.

ரதீஃப் போனால் என்ன போகிறது என்பதை ஒரு கஜலை வைத்துத்தான் காட்ட முடியும். பிறருடையதை வெட்டிக் காட்ட மனசு வரவில்லை, அந்தப் பாவத்தை ஏற்கெனவே ஒருமுறை செய்தாயிற்று. அதனால் நானே தமிழில் ஒன்றைக் கட்டினேன். நான் கவிஞன் இல்லை. உருதுவில் பெஹர் என்று சொல்லும் சந்தக் கணக்கும் இதில் இல்லை. எலும்பு தெரிந்தால் போதும் என்று செய்தது. ரதீஃப் ‘போதும்’. காஃபியா பேரும், நீரும், வேரும் என்ற ஓசை.

விடைசொல்ல வேண்டாம் நீ, வாசலில் உன் பேரும் போதும்;
விருந்தென்று வேறெதற்கு, ஒரு மிடறு நீரும் போதும்.

கிளையெல்லாம் வெட்டியபின் கணக்கெழுதிச் சொல்கிறார்கள்,
மரமென்று காட்டுதற்கு மண்ணுக்குள் வேரும் போதும்.

பூட்டிய திண்ணைகளைப் பார்த்தபடி நடந்து வந்தேன்;
பஸ் ஏறு மனமே, இனி இந்த ஊரும் போதும்.

கடல்வாயில் நதி ஏனோ தயங்குவதைப் பார்த்து நின்றேன்;
கரையை விட்டுப் பிரிகிறது, கடலோடு சேரும் போதும்.

வழிப்போக்கன் கதைசொன்னால் விடியும்வரை கேட்டிருப்பார்;
வார்த்தைக்குத் தாகம்தான், கதைமுடிந்து தீரும் போதும்.

மத்லாவில் இரண்டு ‘போதும்’ வருகின்றன. இரண்டுமே திருப்தி. கதவு திறக்காவிட்டாலும் பெயர்ப்பலகையைப் பார்த்ததே நிறைவு, தண்ணீர் கொடுத்ததே விருந்து. வாசகனுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது, ‘போதும்’ என்றால் நிறைவு. மத்லாவின் வேலையே அதுதான். எந்தச் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை இரண்டு முறை சொல்லிக் காதைத் தயார் செய்வது.

இரண்டாம் ஷேரில் அதே நிறைவு மரத்தை வெட்டியவர்கள் வாயில் வருகிறது. தனக்கு இது போதும் என்பது ஒன்று, உனக்கு இது போதும் என்று அடுத்தவன் முடிவு செய்வது வேறொன்று. சொல் மாறவில்லை, சொல்கிற வாய் மாறிவிட்டது. இப்போது திரும்பிப் போய் முதல் ஷேரைப் படித்தால் அதிலும் ஒரு சந்தேகம் வருகிறது. தண்ணீரே போதும் என்றவனுக்கு உண்மையிலேயே போதுமா, இல்லை அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதானா?

மூன்றாவதில் ‘போதும்’ நிறைவே இல்லை, சலிப்பு. இந்த ஊரில் இருந்தது போதும், கிளம்பு. நான்காவதில் அது தனிச்சொல்லாகக்கூட நிற்கவில்லை. ‘சேரும்போதும்’ என்று வினையோடு ஒட்டிக்கொண்டு ‘அந்தச் சமயத்திலும்’ என்று பொருள் தருகிறது. நிறைவும் போச்சு, சலிப்பும் போச்சு, இப்போது அது வெறும் நேரம். ஐந்தாவதிலும் அதே இலக்கணம்தான். ஆனால் முன்னால் ‘தீரும்’ இருப்பதால் பழைய ‘போதும்’ மறுபடி எட்டிப் பார்க்கிறது. கதை தீர்ந்துவிட்டது, போதும் என்று சொல்ல வேண்டிய இடம், ஆனால் தாகம் போதும் என்று சொல்லவில்லை. இதை நான் திட்டமிட்டு எழுதவில்லை. ரதீஃப் அங்கே உட்கார்ந்திருந்ததால் தானாக நடந்தது. உருதுக் கவிஞர்கள் பெஹர், காஃபியா, ரதீஃப் மூன்றையும் சேர்த்து ‘ஜமீன்’, அதாவது நிலம் என்று அழைப்பது இதனால்தானோ என்று நினைத்துக்கொள்வேன். விதைத்தவனுக்குத் தெரியாததும் முளைக்கும்.

இப்போது என் பழைய ஆசிரியர் கேட்டபடி மாற்றுவோம். முதல் ஷேர் ‘நீரும் நிறைவே’ என்று முடியட்டும். இரண்டாவது ‘வேரே தகும்’. மூன்றாவது ‘ஊரும் சலித்தது’. நான்காவது ‘சேர்கையிலும்’. ஒவ்வொரு ஷேரின் பொருளும் அப்படியே இருக்கிறது, ஒரு துளி சிந்தவில்லை. தனித்தனியே எடுத்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் திருப்தியும் சலிப்பும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன என்ற விஷயம் எங்கே? அது எந்த ஷேரின் பொருளிலும் இல்லை. ஷேர்களுக்கு நடுவே அந்தச் சொல் நடந்துபோன தூரத்தில் இருந்தது. சொல்லை எடுத்ததும் தூரம் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஐந்து துணுக்குகள்.

“ஒரே வார்த்தை சலிக்காதா?” என்பதற்கு முஷாயிராவில் பதில் இருக்கிறது. கவிஞர் ஷேரின் முதல் அடியைச் சொல்கிறார். உடனே இரண்டாம் அடிக்குப் போவதில்லை. முதல் அடியையே மறுபடி சொல்கிறார், கூட்டத்தில் சிலர் திருப்பிச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் ரதீஃப் தெரியும். எப்படி அங்கே போய்ச் சேரப்போகிறார் என்பது மட்டும் தெரியாது. பிறகு இரண்டாம் அடி. அந்தக் காஃபியா காதில் விழுந்த கணத்தில் கூட்டம் முந்திக்கொண்டு ரதீஃபைக் கவிஞரோடு சேர்ந்து சொல்லிவிடுகிறது. ஏற்கெனவே தெரிந்த சொல்லின் மேல்தான் ஆச்சரியம் விழுகிறது. முடிவுச்சொல் தெரியாமல் இருந்தால் கூட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. கைதட்டிவிட்டுப் போகலாம்.

நாம் கண்ணால் படிக்கிறோம், இரண்டு அடியும் ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. நான் செய்வது ஒரு சின்ன உபாயம். இரண்டாம் அடியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு முதல் அடியை இரண்டு முறை படிப்பேன். ‘கடல்வாயில் நதி ஏனோ தயங்குவதைப் பார்த்து நின்றேன்.’ சரி, இது எப்படிப் ‘போதும்’ என்று முடியும்? நதிக்கு ஓடியது போதுமா? தயங்கியது போதுமா? இரண்டு மூன்று ஊகம் செய்துவிட்டுக் கையை எடுத்தால், ஊகம் பொய்த்த இடத்தில் ஷேர் இருக்கும். ஊகம் சரியாக இருந்தால் பெரும்பாலும் அது சுமாரான ஷேர்.

இதே வழியில் மோசமான ஷேரையும் கண்டுபிடிக்கலாம். உருது விமரிசனத்தில் ‘பர்த்தி’ என்பார்கள், எண்ணிக்கைக்காக இட்டு நிரப்பியது. என் நிலத்திலேயே ஒன்று சொல்கிறேன். ‘வானத்தில் நிலவுண்டு, வயலெல்லாம் கதிருண்டு, வழியெல்லாம் மணமுண்டு, வண்டுகள் சேரும் போதும்.’ இதில் ‘போதும்’ என்பதை எடுத்துவிட்டு ‘சேரும்’ என்று நிறுத்துங்கள். ஒன்றும் குறையவில்லை, சொல்லப்போனால் தேறியிருக்கிறது. ரதீஃப் வந்தே ஆகவேண்டும் என்பதற்காக வந்திருக்கிறது. நான்காம் ஷேரில் அதை எடுத்துப் பாருங்கள், பிரிவும் சேர்தலும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்ற செய்தியே போய்விடும். ரதீஃபை வெட்டிப் பெயர்க்கிறவர்கள் நல்ல ஷேரையும் பர்த்தியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். வாசகனுக்குச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை.

இன்னொரு கூட்டத்தோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. இவர்கள் எதிர்ப்பக்கம். ஷேர்கள் தனித்தனி என்பதே இவர்களுக்குப் பொறுக்காது. “இந்தக் கஜலின் மையக்கருத்து என்ன?” என்று தொடங்கி, காலிப்பின் கடன், குடி, பென்ஷன் வழக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒன்பது ஷேரையும் ஒரே சோகக்கதையாகத் தைத்துவிடுவார்கள். இவர்கள் ஒரு பழைய திவானைத் திறந்து பார்க்க வேண்டும். அதில் கஜல்கள் எழுதிய கால வரிசையில் இருக்காது. அடியின் கடைசி எழுத்தை வைத்து அகரவரிசையில் அடுக்கியிருக்கும். ரதீஃப் உள்ள கஜலுக்கு அந்த எழுத்து ரதீஃபின் கடைசி எழுத்துதான். பதினெட்டு வயதில் எழுதியதும் ஐம்பதில் எழுதியதும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கலாம். பாடகர்கள் பத்து ஷேரில் நாலைந்தை எடுத்துப் பாடுகிறார்கள், யாரும் கதை அறுந்துவிட்டது என்று எழுந்து போவதில்லை. அறுக்கக் கதை இருந்தால்தானே.

தொடர்ச்சி உள்ள கஜலும் உண்டு, ‘முசல்சல்’ என்று தனிப்பெயரே இருக்கிறது. காலிப் பிள்ளைபோல் வளர்த்த, மனைவியின் உறவுப்பையன் ஆரிஃப் 1852இல் இளவயதில் இறந்தபோது கஜல் வடிவத்திலேயே ஓர் இரங்கல் எழுதினார். இன்னும் சில நாள் என்ற பொருள் வரும் ரதீஃப். பெரும்பாலான ஷேர்கள் செத்துப்போன அந்த ஒருவனிடமே பேசுகின்றன. அங்கே ரதீஃப் பொருள் மாறிக்கொண்டே போவதில்லை. ஒரே கெஞ்சலாக, ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப வந்து முட்டுகிறது. இருந்திருக்கலாமே இன்னும் சில நாள் என்று துக்கவீட்டில் ஒருவர் சொன்னதையே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், அதுபோல. இது விதிவிலக்கு. இதை அளவுகோலாக வைத்து மற்ற கஜல்களைத் தைக்கக் கூடாது. ஆனால் இந்த விதிவிலக்கிலும் எல்லாப் பாரத்தையும் சுமப்பது ரதீஃப்தான் என்பதைக் கவனியுங்கள்.

தமிழ்க் காதுக்கு இது அந்நியம் என்று சொல்பவர்களுக்குச் சம்பந்தரின் பதிகங்களை நினைவூட்டுவேன். பாட்டுக்குப் பாட்டு ஒரே ஊர்ப்பெயரில் போய் முடிவதையும், கடைசிப் பாட்டில் பாடியவர் தன் பெயரைச் சொல்லிக்கொள்வதையும் ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்டு வருகிறோம். யாரும் “சாமி, ஊர்ப்பேரைக் கொஞ்சம் மாத்திப் போடலாமா” என்று கேட்டதில்லை. இதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். பதிகத்தில் அந்த ஊர் போய்ச் சேர்கிற இடம், அது அசையாது, அசையக் கூடாது. கஜலின் ரதீஃபோ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. ஆனால் ஒரே முடிவு திரும்ப வந்தால் தமிழன் கொட்டாவி விடுவான் என்பது பொய்.

“ஷேர் தனித்து நிற்கும் என்கிறாய், அப்புறம் தனியாக எடுத்துச் சொன்னால் ஏன் கோபப்படுகிறாய்?” என்று ஒரு நண்பர் கேட்டார். கோபமே இல்லை. டெல்லியிலும் லக்னோவிலும் ஷேர்கள் அப்படித்தான் வாய்வழியே உலவின. எனக்குக் கோபம் ஷேரைப் பாதியாக எடுப்பவர்கள் மேல். என் இரண்டாம் ஷேரின் இரண்டாம் அடியை மட்டும் எடுத்து, பின்னால் ஒரு ஆலமரப் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லிப் பாருங்கள். ‘மரமென்று காட்டுதற்கு மண்ணுக்குள் வேரும் போதும்.’ அருமையான தன்னம்பிக்கை வாசகம். வெட்டியவர்கள் சொன்னது இது என்பது முதல் அடியோடு போய்விட்டது. ஒற்றை அடி தனித்து நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை. அலகு இரண்டு அடி.

ரதீஃபைத் தமிழில் காப்பாற்றுவது எப்போதும் முடியும் என்று சவால் விடவில்லை. ‘ஸே’ என்பது ரதீஃபாக வந்தால் விழி பிதுங்கிவிடும். ஒரு ஷேரில் அது ‘ஆல்’, இன்னொன்றில் ‘இலிருந்து’, மற்றொன்றில் ‘ஓடு’, நான்காவதில் ‘விட’. நான்கும் நமக்குத் தனித்தனி உருபு. அதேபோல் ‘பர்’ என்பது ‘மேல்’ என்றும் ‘ஆனால்’ என்றும் பொருள்படும், இறகுக்கும் அதே சொல். இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்வது? ஒன்பது ஷேரில் எந்த ஐந்துக்குத் தமிழில் ஒரே முடிவு வாய்க்கிறதோ அந்த ஐந்தை மட்டும் பெயர்த்தால் போதும் என்பேன். முழுமை கெட்டுவிடும் என்று பேராசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். நாலு ஷேர் விடுபட்ட கஜல் இன்னும் கஜல்தான், பாடகர்கள் தினமும் செய்வது அதைத்தான். ஒன்பது ஷேரும் இருந்து ரதீஃப் இல்லாதது விளக்கவுரை. எந்த ஷேரை ஏன் விட்டேன் என்று அடியில் உரைநடையில் எழுதிவிட்டால் வாசகனை ஏமாற்றியதாகவும் ஆகாது.

அந்தப் பழைய தமிழாக்கத்தைப் போன மாதம் மறுபடி எடுத்தேன். ஒன்பதில் ஆறு ஒரே சொல்லில் முடிகிற மாதிரி வந்துவிட்டது. ஏழாவது இழுபறி. இலக்கணப்படி சரி, ஆனால் ரதீஃபை எடுத்தாலும் பொருள் கெடாமல் நிற்கிறது. மூலத்தில் அது நல்ல ஷேர், பர்த்தியாக்கியது என் தமிழ். விட்டுவிடுவதா, இன்னொரு காஃபியா தேடுவதா என்று தெரியாமல் மேஜையிலேயே கிடக்கிறது. மற்ற இரண்டையும் அடித்துவிட்டேன்.